ஆறாவது முயற்சிக்கு இடமில்லை

2019 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு வசதியில் தான் கண்ட ஓட்டையை வெளியிட்டார். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அவருடைய கைபேசியில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். பத்து நிமிடத்துக்குள் அதைத் தட்டினால் கணக்கு திறக்கும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் பத்து லட்சம் எண்கள்தான். எல்லாவற்றையும் ஒருவர் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு தடுப்பும் இருந்தது. அவர் ஆயிரம் கோரிக்கைகளை அனுப்பியபோது 250 உள்ளே போயின, 750 தடுக்கப்பட்டன.

தடுப்பு வேலை செய்கிறது என்று பலர் அத்தோடு விட்டிருப்பார்கள். அவர் பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்தார். ஆயிரம் முகவரிகள், முகவரிக்கு 200 என இரண்டு லட்சம் முயற்சிகள் தடையின்றிப் போயின. ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் பத்து லட்சத்தையும் முடித்துவிடலாம். அதற்கு மேகக் கணினி வாடகை ஏறக்குறைய 150 டாலர்தான் ஆகும் என்பது அவர் போட்ட கணக்கு. ஃபேஸ்புக் ஓட்டையை அடைத்து அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது.

தடுப்பைத் தாண்ட உதவியவை இரண்டு என்று அவரே எழுதினார்: கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தது, வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்தது. ‘இவர் இத்தனை முறைதான் கேட்கலாம்’ என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் நிரலுக்கு ரேட் லிமிட்டர் என்று பெயர். அதைக் கட்டுபவர் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்விகளும் இந்த இரண்டுதான். எப்படி எண்ணுவது? யார் பெயரில் எண்ணுவது?

ஒரே ஒரு சர்வர் இருந்தால் எண்ணுவது சுலபம். நிரலின் நினைவகத்தில் ஓர் எண்ணை வைத்து ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டினால் போதும். ஆனால் ஓரளவு பெரிய தளம் எதுவும் ஒரு சர்வரில் ஓடுவதில்லை. பத்து சர்வர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் நிற்கும் லோடு பேலன்சர் வருகிற கோரிக்கைகளைப் பத்துக்கும் பகிர்ந்து தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடிபிக்கு ஐந்து முயற்சிதான் என்பது விதி. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்ததை மட்டும் எண்ணினால் ஐந்து ஐம்பதாகிவிடும். நாளை கூட்டம் கூடி இன்னும் பத்து சர்வர்களைச் சேர்த்தால் நூறாகும். வரம்பைப் பத்தால் வகுத்துத் தரலாம் என்றால், ஐந்தைப் பத்தாக வகுக்க முடியாது. அறுபது போன்ற வகுபடும் எண்ணாக இருந்தாலும், ஒருவருடைய இணைப்பு ஒரே சர்வரில் நிலைத்திருக்கும்போது ஏழாவது கோரிக்கையிலேயே நியாயமான பயனர் தடுக்கப்படுவார்.

ஆகவே எண்ணிக்கை எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடமாகப் பலரும் தேர்ந்தெடுப்பது ரெடிஸ். சிசிலித் தீவைச் சேர்ந்த சல்வதோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட தரவுக் கிடங்கு அது. தகவல்களை வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்திருப்பதால், ஒரே தரவு மையத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் ஒரு மில்லி நொடிக்குள் விடை வந்துவிடும். ஆனால் இந்த வேலைக்கு அதன் வேகத்தைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. எத்தனை சர்வர்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றும். ஒரு கட்டளை முடியாமல் அடுத்தது தொடங்காது.

ரெடிஸைக் கொண்டுவந்து வைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடாது. புதிதாக எழுதுகிறவர்கள் இயல்பாகச் செய்வது இது: இதுவரை எத்தனை முயற்சி என்று `GET` கட்டளையால் படிப்பது, ஐந்துக்குக் குறைவா என்று தன் சர்வரில் பார்ப்பது, குறைவென்றால் ஒன்று கூட்டி `SET` கட்டளையால் எழுதுவது. முதல் சர்வர் படிக்கும்போது 4 என்று வருகிறது. அது கூட்டி எழுதுவதற்குள் ஏழாவது சர்வரும் படிக்கிறது, அதற்கும் 4. இரண்டுமே அனுமதிக்கின்றன, இரண்டுமே 5 என்று எழுதுகின்றன. ஆறு முயற்சி நடந்திருக்கிறது, கணக்கில் ஐந்துதான் இருக்கிறது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லி நொடியாக இருக்கலாம். ஆயிரம் கோரிக்கைகளை ஒரே கணத்தில் ஏவுகிறவருக்கு அந்த ஒரு மில்லி நொடி தாராளம். முதல் அலையில் வரும் எல்லோருக்கும் எண்ணிக்கை 0 என்றே தெரியும்.

சோதனையில் இந்தப் பிழை தலைகாட்டாது. ஒருவர் உட்கார்ந்து ஓடிபியை ஆறு முறை தப்பாகத் தட்டினால் ஆறாவது முறை ஒழுங்காகத் தடுக்கும். பல சர்வர்கள் வழியாக நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் அனுப்பி, எத்தனை உள்ளே போயின என்று எண்ணினால்தான் வெளிப்படும். விடை சரியாக ஐந்தாக இருக்க வேண்டும். ஏழு வந்தாலும் நிரல் தப்பு.

தீர்வு, படிப்பதையும் கூட்டுவதையும் பிரிக்காமல் இருப்பது. ரெடிஸில் `INCR` என்ற கட்டளை ஒன்றைக் கூட்டி, கூட்டிய பின் வந்த எண்ணையே திருப்பித் தரும். பத்து சர்வர்கள் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் அவற்றுக்கு 1, 2, 3 என வெவ்வேறு எண்கள்தான் கிடைக்கும். 5 வரை பெற்றவர்கள் உள்ளே போகலாம், 6 முதல் பெற்றவர்கள் வெளியே. முதலில் கூட்டு, பிறகு முடிவு செய் என்று வரிசையை மாற்றியதும் இடைவெளி மறைந்துவிடுகிறது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. எண்ணிக்கை என்றைக்கும் நிற்கக் கூடாது, பத்து நிமிடத்தில் அழிய வேண்டும். அதற்கு `EXPIRE` என்ற தனிக் கட்டளை. சர்வர் `INCR` அனுப்பிவிட்டு, `EXPIRE` அனுப்புவதற்குள் செயலிழந்தால் அந்த எண்ணிக்கைக்குக் காலாவதியே கிடையாது. அது ஏறிக்கொண்டே போகும், அந்தப் பயனர் என்றென்றைக்கும் தடுக்கப்பட்டுக் கிடப்பார். ‘இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன், பிறகு வாருங்கள் என்றே சொல்கிறது’ என்ற புகார் ஒன்றிரண்டு பேரிடமிருந்து மட்டும் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சாவியின் மீது `TTL` கட்டளையைப் போட்டு -1 என்று விடை வந்தால் சந்தேகம் உறுதி. மதிப்பு இருக்கிறது, காலாவதி இல்லை என்று அதற்குப் பொருள்.

இதற்குப் பயந்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் `EXPIRE` போடுகிறவர்களும் உண்டு. அப்போது கடைசி முயற்சியிலிருந்து பத்து நிமிடம் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கும். தானாகத் திரும்பத் திரும்ப முயலும் ஒரு கைபேசிச் செயலி அந்தச் சிறையிலிருந்து வெளியே வரவே வராது.

சரியான வழி, இரண்டு கட்டளைகளையும் ஒரே மூச்சில் நடத்துவது. 2012இல் வந்த ரெடிஸ் 2.6 பதிப்பிலிருந்து லூவா மொழியில் சிறு நிரல் எழுதி ரெடிஸுக்குள்ளேயே ஓட்டலாம். நிரல் முடியும் வரை வேறு யாருடைய கட்டளையும் நடுவில் நுழையாது.

```lua
local n = redis.call('INCR', KEYS[1])
if n == 1 then
  redis.call('EXPIRE', KEYS[1], ARGV[1])
end
return n
```

எண்ணிக்கை பிறக்கும்போதே காலாவதியும் கூடவே பிறக்கிறது. சர்வர் நடுவழியில் விழுந்தாலும் பாதி வேலை என்ற நிலை வராது. எல்லோருக்கும் ஒரே ரெடிஸ் என்பதால், நிரல் நீளமாகவோ மெதுவாகவோ இருந்தால் மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும். ஆகவே இதைப் போல நாலைந்து வரிகளில் முடிப்பதே நல்லது.

இனி அந்த `KEYS[1]` என்ன என்பது, அதாவது யார் பெயரில் எண்ணுவது என்ற கேள்வி. ஐபி முகவரியின் பெயரில் எண்ணுவது எளிது. கிட்ஹப் தளத்தின் ஏபிஐயை உள்நுழையாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கை என்பதே வரம்பு. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது மாணவர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தால் அந்த அறுபது சில நிமிடத்தில் தீரும். உள்நுழைந்தவர்களுக்கு ஆளுக்கு 5,000 தருவதால் கிட்ஹப்பில் அது பெரிய துன்பமில்லை. ஓடிபியிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே முகவரி என்பது வாடகைக்குக் கிடைக்கும் பொருள். ஐயாயிரம் முகவரி எடுப்பவருக்கு ஒவ்வொரு முகவரியும் புது ஆள்.

அப்படியானால் கணக்கின் பெயரில் எண்ணலாமா? எண்ணலாம். ஆனால் ஒருவருடைய எண்ணை அறிந்த எவரும் ஐந்து முறை தப்பாகத் தட்டி உரிமையாளரை வெளியே நிறுத்திவிட முடியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அனுப்பப்பட்ட ஒவ்வொரு ஓடிபிக்கும் ஓர் அடையாளம் தந்து, அந்த ஓடிபியின் பெயரில் எண்ண வேண்டும். ஐந்து தப்பானால் அந்த ஓடிபி மட்டும் செத்துப்போகும், உரிமையாளர் புதிதாக ஒன்று கேட்கலாம். புதிது கேட்பதற்குத் தனி வரம்பு, நாளைக்குப் பத்து என்று வைத்தால், தாக்குகிறவருக்கு ஒரு நாளில் கிடைப்பவை மொத்தம் ஐம்பது முயற்சிகள். பத்து லட்சத்தில் ஐம்பது என்றால் இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்பு. எத்தனை முகவரிகள் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தப் பத்தையும் வீம்புக்குத் தீர்த்து உரிமையாளரை அலைக்கழிக்க இதிலும் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அவருக்குக் குறுஞ்செய்தி போவதால் யாரோ விளையாடுகிறார்கள் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

ஓடிபிக்கு இந்த எளிய எண்ணிக்கை போதும். ஓயாமல் வந்துபோகும் ஏபிஐ வாடிக்கையாளருக்குப் போதாது. நிமிடத்துக்கு 60 என்று வரம்பு வைத்து, கடிகார நிமிடம் தோறும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால், ஒருவர் 10:00:59க்கு அறுபதும் 10:01:00க்கு அறுபதும் அனுப்பலாம். விதி மீறப்படவில்லை, ஆனால் இரண்டு நொடியில் 120 கோரிக்கைகள் பின்னாலுள்ள தரவுத்தளத்தின் தலையில் விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு கோரிக்கையின் நேரத்தையும் தனித்தனியே பதிந்து வைத்தால் இது துல்லியமாகத் தீரும். ஆனால் வரம்பு 5,000 என்றால் ஓர் ஆளுக்கே 5,000 பதிவுகள் வரை நினைவகத்தில் கிடக்கும்.

பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் 2017இல் தன் பொறியியல் கட்டுரையில் விளக்கிய வழி டோக்கன் பக்கெட். ஆளுக்கொரு வாளி. அதில் அதிகபட்சம் இத்தனை டோக்கன்தான் நிற்கும். சீரான வேகத்தில் டோக்கன் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு கோரிக்கைக்கு ஒரு டோக்கன் போகும், வாளி காலியென்றால் அனுமதி இல்லை. உண்மையில் யாரும் நொடிக்கு நொடி டோக்கன் போட்டுக்கொண்டிருப்பதில்லை. கடைசியாக எத்தனை இருந்தது, அது எப்போது என்ற இரண்டு எண்கள் மட்டும் சேமிக்கப்படும். அடுத்த கோரிக்கை வரும்போது இடைப்பட்ட நேரத்துக்கு உரியதைக் கூட்டிக்கொண்டால் போதும்.

வாளியின் கொள்ளளவு 20, நொடிக்கு ஒரு டோக்கன் என்று வைப்போம். ஒருவரின் கணக்கில் கடைசியாக 3 இருந்தது. நாலரை நொடி கழித்து அவர் வருகிறார். 3 உடன் 4.5 சேர்ந்து 7.5 ஆகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு 6.5 என்று எழுதி வைக்கப்படுகிறது. நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு வந்தாலும் 20க்கு மேல் சேராது. ஆகவே ஒரே நேரத்தில் கொட்டக்கூடிய கோரிக்கைகள் இருபதைத் தாண்டாது, அதன் பின் நொடிக்கு ஒன்றுதான்.

```lua
local cap, rate = tonumber(ARGV[1]), tonumber(ARGV[2])
local t = redis.call('TIME')
local now = t[1] + t[2] / 1000000
local b = redis.call('HMGET', KEYS[1], 'tokens', 'ts')
local tokens = tonumber(b[1]) or cap
local ts = tonumber(b[2]) or now
tokens = math.min(cap, tokens + math.max(0, now - ts) * rate)
local ok = 0
if tokens >= 1 then tokens = tokens - 1; ok = 1 end
redis.call('HSET', KEYS[1], 'tokens', tokens, 'ts', now)
redis.call('EXPIRE', KEYS[1], math.ceil(cap / rate) * 2)
return ok
```

இந்த நிரலில் இரண்டாவது வரி கவனிக்கத்தக்கது. இப்போது மணி என்ன என்பதைச் சர்வர் சொல்லவில்லை, ரெடிஸே தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. பத்து சர்வர்களின் கடிகாரங்கள் ஒருபோதும் முழுக்க ஒத்துப்போவதில்லை. ஒன்று இரண்டு நொடி முந்தினால், அதன் வழியாக வருகிறவருக்கு இரண்டு டோக்கன் இனாமாகக் கிடைக்கும். பிந்தியிருந்தால் நேர வித்தியாசம் எதிர்மறையாகி இருந்ததும் குறையும். எண்ணிக்கை ஒரே இடத்தில் இருப்பதுபோல் கடிகாரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இப்படி `TIME` கேட்டுவிட்டு எழுதும் நிரல் ரெடிஸ் 5 முதல் தனி ஏற்பாடு எதுவுமின்றி ஓடும். ரெடிஸ் இயந்திரமே மாறிப் புதியதன் கடிகாரம் பின்தங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் அந்த `math.max(0, ...)`.

நேரம் எப்படிக் காலை வாரும் என்பதற்குக் கிட்ஹப் பொறியாளர்கள் 2021இல் எழுதிய அனுபவம் நல்ல சான்று. அவர்கள் முன்பு எண்ணிக்கையை மெம்கேஷ் என்ற தற்காலிகக் கிடங்கில் வைத்திருந்தார்கள். தளத்தின் மற்றத் தற்காலிகத் தரவும் அதே கிடங்கில் இருந்ததால், இடம் நிரம்பும்போது உயிரோடு இருக்கும் எண்ணிக்கைகளும் சேர்த்து வெளியேற்றப்பட்டன. எண்ணிக்கை போய்விட்டால் அந்தப் பயனருக்கு வரம்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தரவு மையத்துக்கு ஒரு மெம்கேஷ் என்று அமைப்பை மாற்றும் திட்டமும் வந்தபோது, எண்ணிக்கைகளும் மையத்துக்கு மையம் பிரிந்துபோகும் நிலை. அதனால் ரேட் லிமிட்டருக்கென்றே தனியாக ரெடிஸும் லூவா நிரல்களும் கொண்டுவந்தார்கள்.

அங்கே புதிதாக ஒரு பிழை முளைத்தது. உங்கள் வரம்பு எப்போது புதுப்பிக்கப்படும் என்பதைக் கிட்ஹப் ஒவ்வொரு பதிலிலும் `X-RateLimit-Reset` என்ற தலைப்பில் சொல்லும். ரெடிஸிடம் மீதி எத்தனை நொடி என்று கேட்டு, அதைச் சர்வரின் இப்போதைய நேரத்தோடு கூட்டி அந்த எண்ணைக் கணக்கிட்டார்கள். ரெடிஸ் விடை சொல்வதற்கும் சர்வர் மணி பார்ப்பதற்கும் நடுவே சிறிது நேரம் நழுவுகிறது. அந்த நேரத்தில் நொடி மாறிவிட்டால் விடை ஒன்று கூடிவிடும். புதுப்பிக்கும் நேரம் ஒரு பதிலில் ஓர் எண்ணாகவும் அடுத்ததில் ஒரு நொடி தள்ளியும் ஆடியது. மீதி நேரத்திலிருந்து கணக்கிடுவதை விட்டுவிட்டு, வரம்பு தொடங்கும்போதே முடியும் நேரத்தையும் ரெடிஸில் எழுதி வைத்து, பிறகு அதையே படித்துச் சொன்னபோது ஆட்டம் நின்றது.

தடுக்கப்பட்டவருக்கு என்ன சொல்வது என்பதற்கு 2012 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. 429 என்ற எண்ணோடு, எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதை `Retry-After` தலைப்பில் தர வேண்டும். தராவிட்டால் ஒழுங்கான செயலிகள்கூடக் குருட்டாம்போக்கில் உடனே திரும்ப முயலும்.

எஞ்சியிருப்பது, ரெடிஸே விழுந்தால் என்ன செய்வது என்பது. ஒரு நகல் தயாராக இருக்கும். ஆனால் ரெடிஸ் மூலத்தில் எழுதியதும் விடை சொல்லிவிட்டு, நகலுக்குப் பிறகே அனுப்புகிறது. மூலம் விழுந்து நகல் பொறுப்பேற்கும்போது கடைசிச் சில எண்ணிக்கைகள் தொலைந்திருக்கலாம். ஏபிஐ வரம்பில் இது பொருட்டே அல்ல. 5,000க்குப் பதில் 5,003 போனால் யாருக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நகலின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து எல்லோரையும் மெதுவாக்குவது அதைவிடப் பெரிய நட்டம்.

நகலும் எட்டவில்லை என்றால்? ஸ்ட்ரைப்பின் விடை தெளிவானது: ரெடிஸ் விழுந்தாலும் ரேட் லிமிட்டர் நிரலிலேயே பிழை இருந்தாலும் கோரிக்கைகள் பாதிக்கப்படாமல் உள்ளே போக வேண்டும். எண்ணுகிற இயந்திரம் பழுதானதற்காக ஒரு கடையின் பண வரவு நிற்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்ய, ரெடிஸிடம் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் சுருக்கமாக வரையறுக்க வேண்டும். சில பத்து மில்லி நொடிக்குள் விடை வராவிட்டால் அனுமதித்துவிட்டுப் போகலாம். இந்த வரையறை இல்லாத இடத்தில் ரெடிஸ் முழுதாகச் சாகாமல் மெதுவானாலே போதும், பத்து சர்வர்களும் அதன் விடைக்காகக் காத்து நின்று தளம் முழுவதும் படுத்துவிடும்.

ஓடிபி சரிபார்க்கும் பக்கத்துக்கு இந்த விடை பொருந்தாது. அங்கே எண்ணாமல் விட்டால் நொடிக்கு ஆயிரம் முயற்சி செய்கிறவர் பதினேழு நிமிடத்தில் பத்து லட்சத்தையும் முடிப்பார். நான்கு இலக்க எண்ணென்றால் பத்தே நொடி. ஆகவே அங்கே ரெடிஸ் எட்டாதபோது மறுப்பதே சரி. அல்லது, ஓடிபி எந்தத் தரவுத்தள வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதே வரிசையில் தப்பான முயற்சிகளின் எண்ணிக்கையையும் வைத்து, கூட்டுவதையும் ஒப்பிடுவதையும் ஒரே கட்டளையில் செய்யலாம்:

```sql
UPDATE otp SET tries = tries + 1
WHERE id = 8812 AND tries < 5;
```

ஒரு வரிசை மாறியது என்று விடை வந்தால் மட்டும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பூஜ்யம் என்றால் பார்க்கவே கூடாது. ரெடிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை ஓடிபியோடு சேர்ந்தே இருக்கும். அந்தத் தரவுத்தளமும் விழுந்துவிட்டால் சரிபார்க்க ஓடிபியே கிடைக்காது.